மொத்தமாக வந்த நிலுவைச் சம்பளத்துக்கு மொத்தமாக வரி கட்ட வேண்டுமா?

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஊதிய நிர்ணய வழக்கில் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்து, 2022 ஏப்ரல் முதலான நிலுவைத் தொகை 5,40,000 ரூபாய் 2025 ஆகஸ்டில் ஒரே பில்லில் கிடைத்தது. நிலுவை வராவிட்டால் 2025-26-இல் எனக்கு வரியே வராது. இந்த நிலுவையால் 1,15,440 ரூபாய் பிடித்துவிட்டார்கள். பழைய வருடங்களின் ரிட்டர்னைத் திருத்திப் போடலாமா என்று கேட்டேன், முடியாது என்றார்கள். பிரிவு 89 பற்றிக் கேட்டதற்கு, "புதிய வரிமுறையில் அதெல்லாம் கிடையாது" என்கிறார் அலுவலகத்தில். என்ன செய்யலாம்?

பதில்: பழைய ரிட்டர்னைத் திருத்த முடியாது என்று சொன்னது சரி. பிரிவு 89 கிடையாது என்றது தவறு.

வருமான வரிச் சட்டம், 1961-இன் பிரிவு 15-இன்படி, முன்பு வரி விதிக்கப்படாத நிலுவைச் சம்பளத்துக்கு அது கைக்கு வந்த வருடத்தில் வரி. அதனால் மூன்று வருடச் சம்பளமும் உங்கள் 2025-26 கணக்கில் ஏறிவிட்டது. உரிய காலத்தில் கிடைத்திருந்தால் கட்டியிருக்கக்கூடிய வரியைவிட இதனால் அதிகம் வந்தால், அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்கிறது பிரிவு 89. கணக்கிடும் முறை விதி 21ஏ-யில் இருக்கிறது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் இழக்கும் கழிவுகளைப் பிரிவு 115பிஏசி பட்டியலிடுகிறது, அந்தப் பட்டியலில் பிரிவு 89 இல்லை. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல்தான் நடைமுறை. உங்கள் பணம் அதற்கு முன்பே வந்துவிட்டதால் பழைய சட்டத்தின்படியே கணக்குப் பார்க்க வேண்டும்.

முதல் வேலை, 5,40,000 ரூபாயை வருடவாரியாகப் பிரிப்பது. பில்லோடு ஒரு ட்யூ-டிரான் ஸ்டேட்மென்ட் இருக்கும். மாதாமாதம் பெற வேண்டியது எவ்வளவு, பெற்றது எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு என்று அதில் வரிசையாகப் போட்டிருப்பார்கள். அதன் சான்றிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். நிதியாண்டு வாரியாகக் கூட்டும்போது, உங்கள் பழைய படிவம் 16 எந்த மாதத்தில் தொடங்கி எந்த மாதம் வரை கணக்கிட்டதோ அதே முறையில் கூட்டுங்கள். மார்ச் சம்பளத்தை அடுத்த வருடக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், நிலுவையிலும் அப்படியே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதம் இரண்டு வருடத்துக்கும் நடுவே தொங்கும்.

2025 ஏப்ரலுக்குப் பிந்தைய மாதங்களின் வித்தியாசமும் இதே பில்லில் வந்திருக்கும். அது நடப்பு வருடச் சம்பளம், முந்தைய வருட நிலுவை அல்ல. அதற்கு நிவாரணம் இல்லை. முழு பில் தொகையையும் நிலுவையாகக் காட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் முதல் பிழை.

நீங்கள் வருடவாரி விவரம் அனுப்பவில்லை. அதனால் உங்களுக்குப் பிடித்த வரியோடு பொருந்தும்படி ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் எண்களை அதில் மாற்றிக்கொள்ளுங்கள். 5,40,000-இல் 60,000 நடப்பு வருடத்துக்கானது என்று வைத்துக்கொள்வோம். மீதி 4,80,000-இல் 2022-23க்கு 1,50,000, 2023-24க்கு 1,60,000, 2024-25க்கு 1,70,000. அந்த 60,000-ஐயும் சேர்த்து, நிலையான கழிவு 75,000 போக, 2025-26-இல் உங்கள் வரிக்குரிய வருமானம் 10,60,000.

முதலில் நடப்பு வருடம். நிலுவையோடு வருமானம் 15,40,000. புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 20,000, அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 40,000, மீதி 3,40,000-க்கு 15 சதவீதம் வீதம் 51,000. ஆக 1,11,000, 4 சதவீத செஸ்ஸோடு 1,15,440. நிலுவை இல்லாமல் 10,60,000-க்கு வரி 46,000 வரும். ஆனால் வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் பிரிவு 87ஏ தள்ளுபடியில் அது முழுதும் கழிந்து பூஜ்யமாகிறது. எனவே நிலுவையால் இந்த வருடம் கூடிய வரி 1,15,440.

அடுத்து, அந்தந்த வருடம். இங்கே அந்தந்த வருடத்தின் வரி விகிதத்தையும், அந்த வருடம் நீங்கள் ரிட்டர்ன் போட்ட வரிமுறையையும்தான் எடுக்க வேண்டும். இன்றைய விகிதத்தைப் பழைய வருடத்துக்குப் போடக் கூடாது. 2022-23-இல் பழைய முறையில், 80சி எல்லாம் போக உங்கள் வருமானம் 5,60,000 என்றால், 1,50,000 சேர்த்தால் 7,10,000. கூடிய தொகை முழுதும் 20 சதவீதப் படியில் விழுகிறது. வரி 30,000, செஸ்ஸோடு 31,200. 2023-24-இல் புதிய முறையில் 7,40,000 இருந்தது 9,00,000 ஆகிறது. அப்போது 6 முதல் 9 லட்சம் வரை 10 சதவீதம், எனவே 16,000, செஸ்ஸோடு 16,640. 2024-25-இல் 7,80,000 என்பது 9,50,000 ஆகிறது. அங்கும் 10 சதவீதம்தான், செஸ்ஸோடு 17,680.

மூன்றையும் கூட்டினால் 65,520. இந்த வருடம் கூடிய 1,15,440-இலிருந்து இதைக் கழித்தால் வரும் 49,920 ரூபாய்தான் உங்களுக்குக் கிடைக்கும் நிவாரணம். மீதி 65,520 நீங்கள் கட்டியே ஆக வேண்டியது. பிரிவு 89 வரி விலக்கு தருவதில்லை, தாமதத்தால் கூடிய சுமையை மட்டும் எடுக்கிறது.

இதில் 87ஏ தள்ளுபடியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நிலுவை இல்லாத வருமானத்தின் வரியாகத் தள்ளுபடிக்கு முந்தைய 46,000-ஐ, அதாவது செஸ்ஸோடு 47,840-ஐ யாராவது போட்டால், வித்தியாசம் 67,600-ஆகச் சுருங்கும். அதிலிருந்து 65,520 போனால் நிவாரணம் வெறும் 2,080 ரூபாய். என் கருத்தில், தள்ளுபடி கழித்த பிறகு உண்மையில் கட்ட வேண்டிய வரியை ஒப்பிடுவதே பிரிவு 89-இன் நோக்கத்துக்குப் பொருந்துவது. ஆசிரியர்களிடையே கைமாறும் எக்செல் தாள்களிலும் தள்ளுபடிக்கு ஒரு தனி வரிசை இருக்கும். உங்கள் தாளில் அது 2025-26-இன் 12 லட்ச வரம்பை எடுத்திருக்கிறதா, பழைய 7 லட்சத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். பழைய வருடங்களிலும் இதே கவனம் வேண்டும். ஒரு வருடம் வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்து பழைய முறையில் வரியே இல்லாமல் போயிருக்கலாம். நிலுவையைச் சேர்த்ததும் 5 லட்சத்தைத் தாண்டினால் அந்த வருடத் தள்ளுபடியும் போய், அந்த வருடத்துக்கான வரி குதித்து, உங்கள் நிவாரணம் குறையும்.

எல்லோருக்கும் நிவாரணம் வரும் என்று நினைத்துவிட வேண்டாம். 2025-26-இன் வரிப் படிகள் தாராளமானவை. நிலுவை இல்லாமலே 12 லட்சத்தைத் தாண்டியவருக்கு, 16 லட்சம் வரை 15 சதவீதம்தான். அவருடைய நிலுவை முழுதும் பழைய முறையில் 20 சதவீதப் படியில் இருந்த வருடங்களுக்கு உரியது என்றால், கழித்துப் பார்த்தால் விடை மைனஸில் வரும். அப்படி வந்தால் நிவாரணம் இல்லை, அதற்காகக் கூடுதல் வரியும் இல்லை. ஆனால் மைனஸ் தரும் வருடத்தை மட்டும் விட்டுவிட்டு லாபமான வருடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளவும் முடியாது.

இனி செய்ய வேண்டியது. ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே, பிரிவு 89 நிவாரணம் கோரும் படிவம் 10இ-யை ஆன்லைனில் தாக்கல் செய்ய வேண்டும். incometax.gov.in தளத்தில் உள்நுழைந்து e-File, அதில் Income Tax Forms, அதில் File Income Tax Forms போய் Form 10E-ஐத் திறங்கள். மதிப்பீட்டு ஆண்டு கேட்கும் இடத்தில், பணம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டான 2026-27-ஐக் கொடுங்கள். நிலுவை எந்த வருடத்துக்குரியது என்று பார்த்து 2023-24 என்று போடுபவர்கள் நிறையப் பேர். அப்படிப் போட்ட படிவம் இந்த ரிட்டர்னோடு சேராது. அடுத்து Annexure I-இல் நிலுவைக்கான பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பணிக்கொடை, ஓய்வூதியத் தொகுப்பு போன்றவற்றுக்கு வேறு இணைப்புகள் உண்டு, அவற்றைத் தொட வேண்டாம். அட்டவணையில் ஒவ்வொரு பழைய வருடத்துக்கும் ஒரு வரிசை. நிலுவை சேராத வருமானத்துக்கு, அந்த வருட ரிட்டர்னைப் பரிசீலித்து வருமான வரித் துறை அனுப்பிய 143(1) அறிவிப்பில் உள்ள மொத்த வருமானத்தையே எடுங்கள். ஞாபகத்தில் இருந்து எழுத வேண்டாம். முடிந்ததும் வரும் நிவாரணத் தொகை உங்கள் தாளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஆதார் ஓடிபி மூலம் இ-வெரிஃபை செய்யுங்கள். ஆவணம் எதையும் இணைக்கத் தேவையில்லை. ட்யூ-டிரான் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள், விளக்கம் கேட்டால் அதுதான் ஆதாரம்.

பிறகு ரிட்டர்ன். சம்பளத்தில் நிலுவையையும் சேர்த்து முழுத் தொகையையும் காட்டுங்கள், நிலுவையைக் குறைத்துக் காட்டக் கூடாது. வரிக் கணக்கில் பிரிவு 89 நிவாரணம் என்ற இடத்தில் 10இ-யில் வந்த அதே தொகையைப் போடுங்கள். அலுவலகத்தில் பிடித்த 1,15,440-இலிருந்து உங்கள் வரி 65,520 போக மீதி ரீஃபண்டாக வரும். படிவம் 16-இல் நிவாரணம் காட்டாதது இதற்குத் தடை அல்ல. 10இ விவரத்தைக் கொடுத்திருந்தால் பிரிவு 192(2ஏ)-இன்படி அலுவலகமே நிவாரணம் கொடுத்துக் குறைவாகப் பிடித்திருக்கலாம், அந்த வாய்ப்பு போய்விட்டது, அவ்வளவுதான்.

10இ இல்லாமல் ரிட்டர்னில் மட்டும் நிவாரணம் கேட்டால், 143(1) அறிவிப்பில் அது மறுக்கப்படும். உங்களைப் போல வரி பிடிக்கப்பட்டவருக்கு ரீஃபண்ட் வராது, குறைவாகப் பிடிக்கப்பட்டவருக்கு டிமாண்ட் வரும். அப்படி ஆகிவிட்டால் முதலில் 10இ-யைத் தாக்கல் செய்யுங்கள். கெடு இருந்தால் திருத்திய ரிட்டர்ன் போடலாம். இல்லையென்றால் பிரிவு 154-இல் பிழைதிருத்த மனு, கூடவே 143(1) அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. 10இ என்பது நடைமுறை சார்ந்த தேவைதான், அதன் தாமதத்தால் நிவாரண உரிமை போய்விடாது என்று வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. பிழைதிருத்த மனுவின் முடிவுக்குக் காத்திருந்து அந்த 30 நாளைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. இரண்டையும் ஒரே சமயத்தில் போடுவது பாதுகாப்பு.