பிரவுசிங் சென்டரில் போட்டோ ஏற்றினால், லாக் அவுட் மட்டும் போதுமா?

"சார், எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. பெரம்பூரில் தெருமுனை பிரவுசிங் சென்டரில்தான் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறேன். போட்டோ, கையெழுத்து எல்லாம் என் போனில் இருக்கிறது. கடைக்கார அண்ணா வாட்ஸ்அப் வெப் திறந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். முடித்ததும் தேர்வு வெப்சைட்டில் மறக்காமல் லாக் அவுட் செய்துவிட்டுத்தான் வருகிறேன். அது போதுமா?"
ஒரு வாசகி, பெரம்பூர்

போதாதும்மா. தேர்வு வெப்சைட்டை நீங்கள் மூடிவிட்டீர்கள், சரி. ஆனால் போட்டோ எந்த வழியாக அந்த கம்ப்யூட்டருக்குள் வந்ததோ அந்த வழி இன்னும் திறந்தே கிடக்கிறது. வந்த போட்டோவின் நகலும் அங்கேயே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இந்த இரண்டில்தான்.

முதலில் வாட்ஸ்அப் வெப். கியூஆர் கோடை ஸ்கேன் செய்த அந்த நொடியிலிருந்து அந்த கம்ப்யூட்டர் உங்கள் வாட்ஸ்அப்பின் இன்னொரு போன் மாதிரி ஆகிவிடுகிறது. முன்பெல்லாம் போனில் நெட்டை அணைத்தால் கம்ப்யூட்டரிலும் நின்றுவிடும். இப்போது அப்படி இல்லை. நீங்கள் வீட்டுக்குப் போய் போனை அணைத்து வைத்தாலும் அங்கே உங்கள் மெசேஜ்கள் வந்துகொண்டே இருக்கும். போனில் வாட்ஸ்அப்பையே திறக்காமல் 14 நாளுக்கு மேல் விட்டால்தான் தானாகத் துண்டிக்கும். தினமும் வாட்ஸ்அப் பார்க்கிற நமக்கு அந்த 14 நாள் வரவே வராது. பிரவுசரின் பெருக்கல் குறியை அழுத்திவிட்டு எழுந்து வருவது லாக் அவுட் ஆகாது. உங்களுக்கு அடுத்து உட்காருகிறவர் web.whatsapp.com என்று அடித்தால் உங்கள் குடும்ப குரூப் முழுக்க அவர் கண்முன் விரியும். வங்கியோ ஆதாரோ ஓடிபியைப் பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸில்தான் அனுப்பும் என்றாலும், அதை யாருக்காவது வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்யும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டே.

இதைத் துண்டிக்க கடைக்காரரின் மவுஸ் தேவையில்லை, உங்கள் போனே போதும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பின் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு Linked devices என்பதற்குப் போங்கள். Google Chrome (Windows) என்பது போல ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டு Log out கொடுங்கள். சில நொடிகளில் எதிரே இருக்கும் திரை மறுபடி கியூஆர் கோடுக்குத் திரும்பிவிடும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். இதுவரை போய்வந்த கடைகளின் தடமும் அந்தப் பட்டியலில் கிடக்கலாம். உங்களுக்கு அடையாளம் தெரியாத எதையும் விட்டுவைக்க வேண்டாம்.

அடுத்தது நகல்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை டவுன்லோட் செய்தீர்கள் அல்லவா, அது Downloads ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது. வாட்ஸ்அப்பை எத்தனை முறை லாக் அவுட் செய்தாலும் அது போகாது. சைதாப்பேட்டையில் ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் சரிசெய்யப் போனபோது அந்த ஃபோல்டரைத் திறந்தேன். ஆதார், பான் கார்டு, சாதிச் சான்றிதழ், கல்யாணத்துக்கு அனுப்பிய ஜாதகம் வரை மாதக்கணக்காகக் கிடந்தன. கடைக்காரர் நல்ல மனிதர்தான். யாரும் அழிக்கவில்லை, அவருக்கும் அழிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கேள்வியில் போட்டோவையும் கையெழுத்தையும் மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். ஐ.பி.பி.எஸ். விண்ணப்பம் என்றால் இடது பெருவிரல் ரேகை, கையால் எழுதிய உறுதிமொழி ஆகியவற்றின் படங்களையும் கேட்பார்கள். நான் அதிகம் கவலைப்படுவது அந்த ரேகைப் படத்தைப் பற்றித்தான். போட்டோவாவது ஊருக்கே தெரிந்த முகம். ரேகையை நகலெடுத்து ஆதார் வழியாக வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்த வழக்குகள் நம் நாட்டில் பதிவாகியிருக்கின்றன. பாஸ்வேர்டு போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியுமா? அந்தப் படத்தைக் கடை கம்ப்யூட்டரில் வைக்க நேர்ந்தால், அரசின் ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக் லாக் போட்டுவிட்டுப் போவது நல்லது. தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம்.

சரி, அழிப்பது எப்படி? சாதாரண Delete அழுத்தினால் படம் Recycle Bin தொட்டிக்குத்தான் போகும். படத்தைத் தேர்ந்தெடுத்து Shift+Delete அழுத்துங்கள், தொட்டிக்குப் போகாமல் நேராக அழியும். தேடித் தோண்டுகிற மென்பொருள் வைத்திருப்பவர் இதையும் மீட்டுவிட முடியும் என்பது உண்மை. ஆனால் அடுத்த நாற்காலிக்கு வருகிற சாதாரண ஆளிடமிருந்து இது காப்பாற்றும். Downloads மட்டும் பார்த்தால் போதாது. அளவு குறைக்க பெயின்ட்டில் திறந்து சேமித்திருந்தால் அந்த நகல் Pictures அல்லது Desktop பக்கம் போயிருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கடைசியில் பிரிண்ட் எடுக்க டவுன்லோட் செய்த விண்ணப்ப பிடிஎஃப். போட்டோ, கையெழுத்து, பிறந்த தேதி, முகவரி, போன் நம்பர் எல்லாம் ஒரே காகிதத்தில் இருப்பது அதில்தான். போட்டோவை அழித்தவர்கள்கூட இதை மறந்துவிடுவார்கள். குரோமில் Ctrl+J அழுத்தினால் அந்த பிரவுசரில் டவுன்லோட் ஆனவற்றின் பட்டியல் வரும். உங்களுடையது எது, எங்கே இருக்கிறது என்று அதை வைத்தே பிடிக்கலாம். ஆனால் இன்காக்னிட்டோ ஜன்னலை மூடியதும் அதில் இறக்கியவை இந்தப் பட்டியலிலிருந்து மறைந்துவிடும், ஃபைல் மட்டும் ஃபோல்டரில் இருக்கும். அதனால் ஜன்னலை மூடுவதற்கு முன்பே பாருங்கள்.

இன்காக்னிட்டோ என்றதும் ஒரு விஷயம். உட்கார்ந்ததும் Ctrl+Shift+N அழுத்தி அந்தக் கறுப்பு ஜன்னலில் வேலையை ஆரம்பிப்பது நல்ல பழக்கம். மூடியதும் குக்கீகளும் ஹிஸ்டரியும் அந்த பிரவுசரிலிருந்து போய்விடும். ஒன்றுக்கு மேற்பட்ட கறுப்பு ஜன்னல்கள் திறந்திருந்தால் அத்தனையையும் மூட வேண்டும், ஏனென்றால் அவை எல்லாம் ஒரே லாகினைப் பகிர்ந்துகொள்ளும். சாதாரண ஜன்னலை நம்ப வேண்டாம். சில கடைகளில் குரோமை விட்ட இடத்திலிருந்து தொடரும்படி வைத்திருப்பார்கள். மூடித் திறந்தால் நீங்கள் திறந்து வைத்திருந்த பக்கம் உங்கள் லாகினோடேயே திரும்பி வரக்கூடும். இன்காக்னிட்டோவால் முடியாதது ஒன்றும் உண்டு. அந்த கம்ப்யூட்டரில் கீலாகர் இருந்தால் நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் பதிவாகும், கறுப்பு ஜன்னலாக இருந்தாலும் சரி. அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க உங்களாலும் முடியாது, சட்டென்று என்னாலும் முடியாது. ஆகவே நெட்பேங்கிங்கை அங்கே திறக்காதீர்கள். விண்ணப்பக் கட்டணத்தைப் போனிலிருந்தே யுபிஐ மூலம் கட்டுங்கள். விண்ணப்பத்தின் பாஸ்வேர்டை உங்கள் மெயிலுக்கும் வைத்திருந்தால் இன்றே வேறாக மாற்றுங்கள்.

தேர்வு வெப்சைட்டில் லாக் அவுட் ஆனதா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. Logout அழுத்திய பிறகு Back கொடுங்கள். பழைய பக்கம் தெரிந்தால் பதறாதீர்கள், அது பிரவுசர் நினைவில் வைத்திருந்த படமாக இருக்கலாம். அங்கேயே F5 அழுத்துங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வெளியே வந்துவிட்டீர்கள். உங்கள் பெயரோடு பக்கம் திரும்பவும் வந்தால் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள்.

வாட்ஸ்அப்புக்குப் பதில் ஜிமெயிலில் படத்தை அனுப்பி எடுக்கலாமே என்று நினைப்பீர்கள். அதைவிட இது மோசம் என்பது என் கணிப்பு. மெயில் திறந்தால் மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் மாற்றும் வழி அதிலேயே இருக்கிறது. அப்படித் திறந்தே ஆகவேண்டும் என்றால், சைன் அவுட் ஆன பிறகு வரும் கணக்குப் பட்டியலில் Remove an account கொடுத்து உங்கள் முகவரியையும் எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் சந்தேகம் வந்தால், போனில் கூகுள் கணக்கின் Security பக்கத்தில் Your devices என்ற இடத்தில் அந்த கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்து Sign out செய்யலாம்.

எனக்கு மிகவும் பிடித்த வழி, ரிச்சி தெருவிலோ உங்கள் ஏரியா செல்போன் கடையிலோ கிடைக்கும் இரட்டை முனை பென் டிரைவ். ஒரு முனை போனில், மறு முனை கம்ப்யூட்டரில். வேறு எதுவும் இல்லாமல் இந்த நான்கு படங்களை மட்டும் அதில் போடுங்கள். படத்தை Choose File வழியாக நேராக பென் டிரைவிலிருந்தே தேர்ந்தெடுங்கள், கம்ப்யூட்டரில் காப்பி எடுக்க வேண்டாம். அப்படிச் செய்தால் வாட்ஸ்அப்பும் திறக்க வேண்டாம், Downloads ஃபோல்டரையும் துழாவ வேண்டாம். பிடிஎஃப் ஒன்றைத்தான் அழிக்க வேண்டியிருக்கும். வைரஸ் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் நியாயம்தான். வீட்டுக்கு வந்ததும் பென் டிரைவை போனில் செருகி ஃபார்மட் செய்துவிடுங்கள்.

இதற்கு ஒரே நிபந்தனை, படங்கள் சரியான அளவில் போனிலேயே தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் கடையில் பெயின்ட் திறந்து மறுபடி நகல் எடுக்க வேண்டிவரும். ஐ.பி.பி.எஸ். அறிவிப்பில் போட்டோவுக்கு 200 x 230 பிக்சல், 20 முதல் 50 கேபி என்றும் கையெழுத்துக்கு 140 x 60 பிக்சல், 10 முதல் 20 கேபி என்றும் வழக்கமாக இருக்கும். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். போனில் எடுத்த படம் 3 எம்பி இருந்தால், முதலில் முகமும் தோளும் மட்டும் வரும்படி க்ராப் செய்யுங்கள். க்ராப் செய்யாமல் அப்படியே 200 x 230க்கு அமுக்கினால் முகம் சப்பிப் போகும். அதன் பிறகு பிக்சலைக் குறைத்து ஜேபிஜியாகச் சேமியுங்கள். 20 கேபிக்குக் கீழே இறங்கிவிட்டால் ஜேபிஜியின் தரத்தைக் கொஞ்சம் கூட்டிச் சேமித்தால் சரியாகிவிடும்.

கடையில் உங்கள் அடையாள அட்டையைக் கேட்டு நோட்டில் எழுதினால் சந்தேகப்பட வேண்டாம். 2011ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகள் அப்படித்தான் சொல்கின்றன, அந்தப் பதிவுகளை ஓராண்டு வைத்திருக்கவும் வேண்டும். அட்டையைக் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று கேட்டால் மட்டும், நகல் காகிதமாகக் கொடுத்துவிடுங்கள்.