பேட்ச் நம்பரை அழித்திருந்தால் அந்த ட்யூப் வேண்டாம்

"ஈரோட்டில் சின்ன பார்லர் நடத்துகிறேன். நான் வாங்கும் அதே ஹேர் கலர் ட்யூபை ஒருவர் பைக்கில் கொண்டுவந்து 40 சதவீதம் குறைத்துத் தருகிறார். 'பாம்பே ஸ்டாக், ஒரிஜினல்தான்' என்கிறார். பன்னிரண்டு ட்யூப் வாங்கியும் விட்டேன். போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கஸ்டமருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?"

அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. இந்தச் சந்தையில் முழுப் போலியும் உண்டு, காலி பாட்டிலில் மறுபடி நிரப்பியதும் உண்டு. ஆனால் உள்ளே கம்பெனி சரக்கே இருந்து, வழி மட்டும் தப்பிய ஸ்டாக்கும் நிறைய வருகிறது. காலாவதி நெருங்கியதால் யாரோ தள்ளிவிட்டதாக இருக்கும். இல்லையென்றால் வேறு நாட்டுக்குப் போக வேண்டியது இங்கே இறங்கியிருக்கும்.

முதலில் பேட்ச் நம்பரைப் பாருங்கள். எந்தப் பேட்ச் எந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போனது என்று கம்பெனியால் தேடிப் பார்க்க முடியும். அதனால் சரக்கை வெளியே தள்ளுகிறவர் முதலில் அழிப்பது அந்த நம்பரைத்தான். பெரும்பாலும் தேதியும் பக்கத்திலேயே இருப்பதால் அதுவும் சேர்ந்து போய்விடும். அட்டைப்பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். தின்னரால் துடைத்த இடம் மட்டும் பளபளப்பு போய் மங்கலாகத் தெரியும். பிளேடால் சுரண்டியிருந்தால் விரல் நுனியில் சொரசொரக்கும். பிறகு ட்யூபின் வால் பக்கம், மடித்து நசுக்கிய ஓரத்தில் உள்ள நம்பரும் பெட்டியில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். பன்னிரண்டு ட்யூபில் ஒன்றில் மாறினாலும் மொத்தத்தையும் ஒதுக்கி வையுங்கள்.

இறக்குமதிச் சரக்கு என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2020 அழகுசாதனப் பொருள் விதிகளின்படி பதிவுச் சான்று எண்ணும் அதை வைத்திருப்பவரின் முகவரியும் லேபிளில் இருக்க வேண்டும். ரூபாயில் எம்.ஆர்.பி.யும் வேண்டும். வெளிநாட்டு எழுத்து மட்டும் இருந்தால் 'ஃபாரின் ஒரிஜினல்' என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. பார்கோடு இந்தியாவுக்கான 890 என்று தொடங்குகிறது, அதனால் ஒரிஜினல் என்பார்கள். நம்பாதீர்கள், கோடுகளை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

அப்புறம் வாய்ப் பக்கம். சீல் வைத்து வரும் ட்யூபில் மூடியின் முனையால் நீங்கள்தான் முதலில் குத்தித் திறக்க வேண்டும். ஏற்கெனவே குத்தியிருந்தாலோ, பிதுக்கியதுமே க்ரீம் கறுத்து வந்தாலோ, காற்று பட்டுவிட்டது. அது வேண்டாம்.

வெளியே எல்லாம் சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையா? டிஸ்ட்ரிபியூட்டரிடம் வாங்கிய அதே ஷேடு ட்யூப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளை டைல்ஸில் இரண்டிலிருந்தும் 2 கிராம் வீதம் தனித்தனியாக வைத்து, ஒரே டெவலப்பரை ஒரே அளவில் கலந்து, 30 நிமிடம் விடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கறுக்க வேண்டும். நான் இப்படிப் பார்த்த ஒரு ட்யூப் பத்தே நிமிடத்தில் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. பெட்டியில் மீடியம் பிரவுன் என்று போட்டிருந்தது. ஆனால் இதில் தெரிவது நிறம் மட்டும்தான். தோலுக்கு ஆகாதது உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஆய்வகத்தில்தான் சொல்ல முடியும். அதனால் டைல்ஸில் தேறியதை நம்பித் தலையில் போடாதீர்கள்.

பில் கேளுங்கள். தந்தால் அதிலுள்ள ஜிஎஸ்டி எண்ணை gst.gov.in தளத்தில் போட்டுப் பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். அதோடு விடாமல், கம்பெனியின் சொந்த வலைத்தளத்தில் உள்ள நம்பருக்குப் போன் செய்து, இவர் உங்கள் ஆளா என்று கேளுங்கள். பெட்டியில் உள்ள நம்பரே போலியாக இருக்கலாம்.

கஸ்டமர் விஷயத்துக்கு வருவோம். கலர் போடுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பேட்ச் டெஸ்ட் செய்யுங்கள். ஒரிஜினல் ட்யூபிலும் பிபிடி என்ற சாயப் பொருள் இருக்கலாம், அலர்ஜி வரலாம், அதனால் இதில் சலுகையே கிடையாது. அவர் கார்டில் தேதி, ஷேடு, டெவலப்பர், பேட்ச் நம்பர் நான்கையும் எழுதுங்கள். எரிச்சல் என்று சொன்னால் உடனே கழுவிவிட்டுத் தோல் டாக்டரிடம் அனுப்புங்கள். ட்யூபையும் பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள். போலி என்று பட்டால் கம்பெனியிடமும், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும் புகார் கொடுக்க அவைதான் ஆதாரம். 'எனக்கே தெரியாது' என்று கஸ்டமரிடம் சொல்லிப் பயனில்லை. அவர் காசு கொடுத்தது உங்களுக்கு, பைக்கில் வந்தவருக்கு அல்ல.

வாங்கிய பன்னிரண்டில் நம்பர் அழிந்தது எதுவானாலும் திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு ஒதுக்குங்கள். சொந்தத் தலைக்கும் வேண்டாம், வீட்டில் அம்மாவுக்கும் வேண்டாம்.

உங்கள் பார்லரிலிருந்து போகும் காலி பாட்டில்களையும் கவனியுங்கள். பெரிய ஷாம்பு, டெவலப்பர் பாட்டில்களைப் பழைய சாமான்காரரிடம் முழுதாகக் கொடுத்தால் அவை நிரப்பப்பட்டு வேறொரு பார்லருக்குப் போகலாம். லேபிளைக் கிழித்து, கத்தியால் இரண்டு வெட்டுப் போட்ட பிறகு கொடுங்கள்.