பெட்ரோலியம் சீட் வேண்டாம், நிலப் பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும்

உங்கள் கடிதத்தில் மூன்று விஷயம் இருக்கிறது. மகனுக்கு பி.இ. பெட்ரோலியம் மேனேஜ்மென்ட் சீட், விடுதிச் செலவோடு நான்கு வருடத்துக்கு 16 லட்சம். அதற்கு ஒன்றரை ஏக்கரை அடமானம் வைக்க யோசனை. குவைத்தில் இருக்கும் மைத்துனர், "முடிச்ச உடனே ரிக்ல லட்சத்துல சம்பளம்" என்கிறார். பதற்றப்படாதீர்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் பதறுவதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சீட்டை எடுக்காதீர்கள்.

2014 ஜூனில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 110 டாலருக்கு மேல். அதை நம்பிச் சேர்ந்தவர்கள் இரண்டாம் வருடம் படிக்கும்போது, 2016 ஜனவரியில், 30 டாலருக்கும் கீழே. 2016-இல் சேர்ந்தவர்கள் முடித்து வெளியே வந்தது 2020-இல். அந்த ஏப்ரலில் அமெரிக்க எண்ணெய் ஒப்பந்தத்தின் விலை ஒருநாள் பூஜ்யத்துக்கும் கீழே போனது. 2022-இல் மறுபடி 120-ஐத் தாண்டியது. சேரும் நாளின் விலைக்கும் முடிக்கும் நாளின் விலைக்கும் சம்பந்தமே இல்லை. விலை விழுந்ததும் முதலில் நிற்பது புதுக் கிணறு தோண்டுவது. பெட்ரோலியம் மட்டும் படித்தவனுக்கு அதுதான் பிழைப்பு. மைத்துனருக்குத் தெரிந்தவர்கள் விலை ஏறிய காலத்தில் உள்ளே போனவர்கள்.

இன்னொன்று: ஓ.என்.ஜி.சி. துளையிடும் பிரிவுக்கும் உற்பத்திப் பிரிவுக்கும் மெக்கானிக்கல் படித்தவர்களையும் கேட் தேர்வு மதிப்பெண் பார்த்து எடுத்திருக்கிறது. அப்புறம் அந்தப் பட்டத்துக்கு எதற்கு நிலம்?

நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போன விஷயத்துக்கு வருகிறேன். பையன் லீவு முழுக்க மாமாவின் பட்டறையில் வெல்டிங் வேலையில் நிற்கிறான், புத்தகம் என்றால் ஓடுகிறான். அவனை அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ மெக்கானிக்கலில் சேருங்கள். ப்ளஸ் டூ முடித்தவன் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம். பிறகு என்.டி.டி., அதாவது பொருளை உடைக்காமல், அறுக்காமல் அதன் குறையைக் கண்டுபிடிக்கும் வேலை. பி.ஹெச்.இ.எல்.லும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கும் திருச்சிப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. சொந்தக்காரர்கள் வாயில்தான் வராது.

வேலை எப்படி என்று சொல்கிறேன். சுத்திகரிப்பு ஆலையில் ஒரு குழாய், போடும்போது சுவர் 9.5 மி.மீ. எட்டு வருடம் கழித்து, ஒலி அலையால் தடிமன் அளக்கும் அல்ட்ராசோனிக் கருவியை வைத்துப் பார்த்தால் 7.9. வருடத்துக்கு 0.2 மி.மீ. அரிக்கிறது. அழுத்தம் தாங்க 5.5 வேண்டும் என்றால் மிச்சம் 2.4; பன்னிரண்டு வருடம் தாங்கும். அடுத்த சோதனையை அதில் பாதிக்குள், ஆறு வருடத்துக்குள், வைக்க வேண்டும். ஆபத்தான திரவம் ஓடும் குழாய் என்றால் ஐந்தே வருடம். எண்ணெய் விலை என்னவானாலும் ஓடுகிற ஆலையில் குழாய் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். உர ஆலை, மின் நிலையம் எங்கும் இதே கருவி, இதே கணக்கு.

இதிலும் ஏமாற்று உண்டு. "பதினைந்து நாளில் என்.டி.டி. லெவல் டூ சான்றிதழ், உடனே கல்ஃப்" என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டாதீர்கள். என்.டி.டி. ஆட்களுக்குத் தகுதிச் சான்று தர வழக்கத்தில் உள்ள எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ முறையில் சான்றிதழைத் தர வேண்டியவர் முதலாளி. அல்ட்ராசோனிக் லெவல் டூவுக்கு வகுப்பு 80 மணி நேரம், கையில் கருவியோடு அனுபவம் 840 மணி நேரம் அது எதிர்பார்க்கிறது. வகுப்பை விற்கலாம், அனுபவத்தை விற்க முடியாது. எனவே முதல் இரண்டு வருடம் உள்ளூர் ஆய்வு நிறுவனத்தில் குறைந்த சம்பளத்துக்கு நிற்கட்டும், மணிக்கணக்கை எழுதிக் கையெழுத்து வாங்கி வைக்கட்டும். ஏ.பி.ஐ. 570 குழாய் ஆய்வாளர் தேர்வெல்லாம் அதற்குப் பிறகுதான். வளைகுடா போகும் நாளில், அரசின் eMigrate தளத்தில் பதிவுள்ள ஏஜென்ட்தானா என்று பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே.

பணத்தில் நான் கறார். இது பெரும்பாலும் நாள்கூலி ஒப்பந்தம். ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் நடக்கும்வரை சம்பளம், முடிந்தால் வீடு. மந்தம் வந்தால் ஆலைகள் ஷட்டவுனைத் தள்ளிப்போடும், 2020-இல் பல இடங்களில் அப்படித்தான் நடந்தது. வருடத்துக்கு எட்டு மாத வருமானம்தான் என்று வைத்துக் குடும்பச் செலவைப் போடுங்கள். மாதத் தவணை எதுவானாலும், வெளிநாட்டுப் படி இல்லாமல் உள்ளூர்ச் சம்பளத்திலேயே கட்ட முடிகிற அளவுக்குள் இருக்கட்டும். ஒரு வருடச் செலவு வங்கியில் சேரும்வரை வீடு கட்டும் பேச்சு வேண்டாம்.

ஊரை விட்டு ஒதுங்கிய பாலைவன முகாம், கதிர்வீச்சு என்பதால் ஆள் வராமல் தடுப்பு கட்டி இரவில் எடுக்கும் ரேடியோகிராபி, பண்டிகைக்கு வர முடியாத நிலை: இதைப் பையனிடம் நீங்கள் இல்லாத நேரத்தில் பட்டறை மாமா கேட்கட்டும். அதற்கு முன் ஒரு கண் பரிசோதனை. கிட்டப் பார்வையும் நிற வேறுபாடும் சரியாக இல்லையென்றால் இந்த வேலை கிடையாது. அப்படியானால் டிப்ளமோ கையில் இருக்கும், பட்டறைப் பக்கமே வேறு வழி பார்க்கலாம்.