"டெலிவரி ஆகிவிட்டது" என்கிறார்கள், லென்ஸ் மட்டும் வரவில்லை

கேள்வி: ஒரே ஆர்டரில் கேமரா லென்ஸ், ஸ்டாண்ட், பை மூன்றும் வாங்கி, கார்டில் பணம் கட்டினேன். ஸ்டாண்டும் பையும் ஒரு பார்சலில் வந்தன. லென்ஸ் வேறு கிடங்கிலிருந்து தனியாக வரும் என்று சாட்டில் சொன்னார்கள். இரண்டரை மாதம் ஆகிறது. இப்போது கேட்டால், "உங்கள் ஆர்டர் டெலிவரி ஆகிவிட்டது" என்று டிராக்கிங் எண்ணைக் காட்டுகிறார்கள். ஒன்பது முறை பேசிவிட்டேன், என்னைப் பொய்யன் போல நடத்துகிறார்கள். மொத்தப் பணத்தையும் திரும்ப வாங்கி, மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாமா?

பதில்: ஒன்பது முறை பேசியதையும் அவர்கள் நடத்திய விதத்தையும் ஒதுக்கி வையுங்கள். உங்கள் கோபம் நியாயமானதுதான், ஆனால் பணத்தைத் திரும்பக் கேட்டு உங்கள் கார்டு வங்கியில் புகார் கொடுத்தால், அங்கே அதைப் படிப்பவர் கோபத்துக்காக ஒரு பைசா கூட்டித் தரமாட்டார். அவர் பார்க்கப்போவது ஒன்றே ஒன்று. அவர்கள் காட்டும் அந்த டிராக்கிங் எண் எந்தப் பார்சலுடையது, அதற்குள் லென்ஸ் இருந்ததா?

லென்ஸ் வரவில்லை என்று நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை, வந்தது என்று காட்டவேண்டியது விற்றவர். நடைமுறையில் அவர் என்ன செய்வார் என்றால், முதல் பார்சலின் எண்ணை எடுத்து மொத்த ஆர்டருக்கும் சேர்த்து ஒட்டிவிடுவார், திரையில் "டெலிவரி ஆனது" என்று வந்துவிடும், அதைப் பார்ப்பவருக்கு அதுவே போதும். அந்த எண்ணை உடைக்க உங்களிடம் இரண்டு பொருள் இருக்கிறது.

ஒன்று அந்த சாட். "லென்ஸ் தனியாக வரும்" என்று அவர்களே எழுதிய வரிதான் உங்கள் வழக்கின் உயிர். தேதியும் நேரமும் தெரிய இன்றே படம் எடுத்து வையுங்கள். முதல் பார்சல் வந்த பிறகு எழுதியது என்றால் இன்னும் நல்லது. மற்றொன்று எடை. பார்சல் லேபிளிலோ டிராக்கிங் பக்கத்திலோ எடை இருக்கும். வந்த ஸ்டாண்டு, பை, பெட்டி, உள்ளே திணித்த காகிதம் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துப் பாருங்கள். லேபிளில் 2.1 கிலோ, உங்கள் தராசில் 2.05 கிலோ என்று வந்தால், முக்கால் கிலோ லென்ஸ் அதற்குள் இருந்திருக்க வழியே இல்லை. ஒரு எச்சரிக்கை: சில லேபிள்களில் இருப்பது உண்மையான எடை அல்ல, கட்டணத்துக்காகப் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்துப் போடும் கன அளவு எடை. அதை வைத்து வாதாடினால் உங்கள் வாதமே கவிழும்.

இப்போது "மொத்தப் பணத்தையும்" என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். என்னிடம் ஒரு பெண் வந்தார். நான்கு பொருள் ஆர்டர், மூன்று வந்துவிட்டது, ஒன்று வரவில்லை. ஆத்திரத்தில் வங்கியில் முழுத் தொகைக்கும் "பொருள் கிடைக்கவில்லை" என்று புகார் கொடுத்துவிட்டார். விற்றவர் டெலிவரி சீட்டை அனுப்பினார், அதில் இவருடைய கையெழுத்தே இருந்தது. அவ்வளவுதான், வங்கி பணத்தை விற்றவர் பக்கம் திருப்பிவிட்டது. வராத ஒன்றுக்கு மட்டும் திரும்பக் கேட்கலாம் என்று அவர் போனபோது, அதே பரிவர்த்தனைக்கு ஏற்கெனவே முடிவு சொல்லியாயிற்று என்று மூடிவிட்டார்கள். அவர் சொன்னதில் நான்கில் ஒரு பங்கு முழு உண்மை. மீதி மூன்று பங்கு அந்த உண்மையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. கார்டு விதிகளிலேயே, கிடைக்காத பகுதிக்கு உரிய தொகைக்கு மட்டும்தான் புகார் கொடுக்க முடியும்.

அந்தத் தொகையைக் கணக்குப் போடுவதிலும் பலர் சறுக்குகிறார்கள். பேச்சுக்கு, பட்டியல் விலை லென்ஸ் 600, ஸ்டாண்ட் 250, பை 150, ஆக 1000. சேர்த்து வாங்கியதற்குத் தள்ளுபடி போக நீங்கள் கட்டியது 900. அப்படியானால் நீங்கள் கேட்கவேண்டியது 540, 600 அல்ல. கூடுதலாகக் கேட்டால், தொகை தகராறு என்று சொல்லி விற்றவர் இழுத்தடிப்பார். அப்புறம், கார்டு ஸ்டேட்மெண்டை ஒருமுறை பாருங்கள். சில கடைகள் பார்சல் கிளம்பும்போதுதான் பணம் எடுக்கும், ஒரே ஆர்டர் இரண்டு வரியாக வந்திருக்கும். அப்படி இருந்தால் லென்ஸுக்கு எடுத்த வரியின் மீதுதான் புகார் போகவேண்டும். அந்த வரியே இல்லை என்றால், லென்ஸுக்கு அவர்கள் இன்னும் பணமே எடுக்கவில்லை!

காலக்கெடு அடுத்த குழி. விசா கார்டு விதிப்படி, பொருள் வந்திருக்கவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 120 நாள். உங்கள் வங்கி இதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு இரண்டரை மாதம் போய்விட்டது. "இன்னும் பதினைந்து நாள் பொறுங்கள்" என்பதை மூன்று முறை நம்பி, 125-ஆவது நாளில் என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதைவிட மோசமானது, "புகாரை மூடுங்கள், உடனே பணம் அனுப்புகிறோம்" என்ற செய்தி. பணம் கணக்கில் வரும்வரை எதையும் மூடாதீர்கள், "பெற்றுக்கொண்டேன்" என்ற பட்டனையும் அழுத்தாதீர்கள். பேபால் வழியாகப் பணம் கட்டியவர்கள் இதில் இரட்டைக் கவனமாக இருக்கவேண்டும், அங்கே மூடிய புகாரைத் திரும்பத் திறக்க முடியாது. இன்னொன்று, வாங்கிய எண்ணிக்கையில் சில மட்டும் வந்தால் அதை "கிடைக்கவில்லை" என்று பார்க்காமல், "விவரித்தபடி இல்லை" என்ற வகையில்தான் பேபால் வைத்திருக்கிறது. வகை மாறிவிட்டால், டெலிவரி ஆன ஒரு எண்ணே உங்களை வீழ்த்திவிடும்.

மன உளைச்சல் வழக்கு பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன், வேண்டாம். ஒரு லென்ஸுக்காக நீங்கள் அலையும் நாளும் வக்கீல் கட்டணமும் லென்ஸின் விலையைத் தாண்டிவிடும். இப்போதே விற்றவருக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள்: ஆர்டர் எண், லென்ஸ் எந்தத் தேதிக்குள் வரும் என்று சொன்னீர்கள், நீங்கள் காட்டும் டிராக்கிங் எண் ஸ்டாண்டும் பையும் வந்த பார்சலுடையது, லென்ஸ் பார்சலின் எண்ணைத் தாருங்கள் அல்லது 540-ஐத் திருப்புங்கள், ஏழு நாள் அவகாசம். அவ்வளவு போதும், ஒன்பது முறை பேசிய கதை வேண்டாம். அவர்கள் 500 தருகிறோம் என்று வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்கிவிடுவேன். கடையிலேயே செலவழிக்கவேண்டிய கூப்பனாகத் தந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். எட்டாவது நாள் பதில் இல்லையென்றால் அந்தச் செய்தி, சாட் படம், எடைப் படம் மூன்றோடு வங்கிக்குப் போங்கள்.

பணம் வந்த பிறகு ஒருநாள் லென்ஸும் வாசலில் வந்து நிற்கலாம், தனிப் பார்சல்களில் இது நடப்பதுதான். பிரிக்காமல் வைத்து அன்றே விற்றவருக்கு எழுதுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டால், இதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அவர் பக்கம் போய்விடும், அப்போது பணம் கேட்டு எழுதப்போவது அவர்.