நாற்றங்கால் போடும்போதே முதல் ஊசி: வயலோரக் கொசுவும் மூளைக்காய்ச்சலும், கேள்வி பதில்

வியாசர்பாடி வாசகர்: சார், எங்க தெரு முனையில கால்வாய். ராத்திரியானா கொசு பிச்சுப் பிடுங்குது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்துடுமா?

உங்கள் கால்வாயில் பிறப்பது பெரும்பாலும் குயின்குவிஃபேசியேட்டஸ் என்கிற க்யூலெக்ஸ். சாக்கடை நீர்தான் அதற்குத் தாய்வீடு. யானைக்கால் நோய்க்கு அதைப் பயப்படலாம். மூளைக்காய்ச்சலை முக்கியமாகச் சுமப்பது அதன் பங்காளியான ட்ரைடீனியோரிங்கஸ். அது தெளிந்த, வெயில் படுகிற வயல் நீரில் முட்டையிடும். இரண்டும் பழுப்பு நிறம், இரண்டும் இரவில் கடிக்கும். அடித்த கொசுவை லென்ஸில் பாருங்கள். வயல் கொசுவின் உறிஞ்சுகுழல் நடுவில் வெளிறிய வளையம் இருக்கும், சாக்கடைக் கொசுவுக்கு இருக்காது. வளையமுள்ள கொசுக்கள் வேறு சிலவும் உண்டு. அதனால் வளையம் கண்டதும் அலற வேண்டாம். வளையமே இல்லை என்றால் உங்கள் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது.

மீஞ்சூர்ப் பக்கத்து அம்மா: வீட்டுக்குப் பின்னாடியே வயல், கூப்பிடு தூரத்துல பன்றிக்கொட்டகை. பாப்பாவுக்குப் பத்து மாசம். பெரியவனுக்கு ஏழு வயசு. மாமனாரும் மாமியாரும் திண்ணையிலதான் படுப்பாங்க. சம்பா நடவு வரப்போகுது. என்ன செய்யணும்?

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். நாள்கணக்காகப் பார்ப்போம்.

செப்டம்பர் முதல் வாரத்தில் நடவு என்று வையுங்கள். நாற்று சின்னது, தண்ணீர் மேல் நல்ல வெயில். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். ஆக, மாதப் பாதியில் புதுக் கொசு பறக்கும். அது பிறக்கும்போது பொதுவாகச் சுத்தம். மடையான், உண்ணிக்கொக்கு போன்ற வயல் பறவைகளில் கிருமி சுற்றிக்கொண்டிருக்கும். பறவையைக் கடித்த கொசு பன்றியைக் கடித்தால், பன்றியின் ரத்தத்தில் இரண்டு மூன்று நாள் கிருமி பெருவெள்ளமாக ஓடும். அந்த நாட்களில் பன்றியைக் கடித்த கொசு உடனே ஆபத்தாகாது. கிருமி அதன் வயிற்றிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வர ஏறக்குறைய பத்து நாள் வேண்டும். ஆக, உங்கள் வீட்டுக்கு நிஜ ஆபத்து தொடங்குவது அக்டோபரில். கடித்த பிறகு காய்ச்சல் வர இன்னும் ஐந்து முதல் பதினைந்து நாள்.

இப்போது ஊசி. தனியாரில் போடும் செயலிழந்த கிருமி ஊசி இரண்டு தவணை, இடைவெளி 28 நாள். இரண்டாவதற்குப் பிறகு ஒரு வாரமாவது கழிந்தால்தான் முழுப் பாதுகாப்பு. நடவைப் பார்த்த பிறகு கிளம்பினால் முதல் ஊசியோடு கொசுவும் வந்துவிடும். நாற்றங்கால் போடும் வாரத்தில் முதல் ஊசி, நடவு முடிந்த வாரத்தில் இரண்டாவது. அப்படிப் போட்டால் அக்டோபருக்குள் உடம்பு தயார்.

பாப்பாவுக்கு இன்னும் எளிது. நோய் உள்ள மாவட்டங்களில் அரசுத் தடுப்பூசி அட்டவணையிலேயே 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. தட்டம்மை ஊசியோடு அதே நாளில் போடலாம், இடம்தான் வேறு. உயிருள்ள வகை என்றால் கையில் தோலுக்கடியில், செயலிழந்த வகை என்றால் தொடைத் தசையில். உங்கள் பகுதி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கிராம சுகாதார செவிலியரிடம் அட்டையோடு போய்க் கேளுங்கள். பெரியவனின் அட்டையையும் கொண்டுபோங்கள். விட்டுப்போயிருந்தால் அவர்களே வழி சொல்வார்கள். கர்ப்பிணிக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் உயிருள்ள வகை கூடாது.

மாமனார், மாமியாருக்கு ஊசி மருத்துவர் முடிவு. இங்கே கிடைப்பவை ஏறக்குறைய ஐம்பது வயது வரைக்கே அனுமதி பெற்றவை. அவர்களுக்குத் திண்ணையிலேயே வலை கட்டுங்கள். இந்தக் கொசு வெளியில் கடிக்கப் பிரியப்படும், திண்ணைதான் அதற்குப் பந்தி.

அதே அம்மா: வலை கட்டினாலும் கடிக்குதே சார்?

மூன்று காரணம். ஒன்று, கை வலையில் ஒட்டியிருந்தால் வெளியிலிருந்தே குத்தும். அதனால் வலை அகலமாக இருக்க வேண்டும். இரண்டு, பாயில் படுப்பவர்கள் வலையின் ஓரத்தைத் தரையில் தொங்கவிடுகிறார்கள். ஓரத்தைப் பாய்க்கு அடியில் மடக்கிச் செருக வேண்டும், அதற்கு ஒரு முழம் உபரி நீளம் தேவை. மூன்று, நேரம். இந்தக் கொசு பொழுது சாய்ந்ததுமே வேலையைத் தொடங்கும். நீங்கள் ஒன்பதரைக்கு வலைக்குள் போகிறீர்கள். ஆறரையிலிருந்து பிள்ளைகளுக்கு முழுக்கை, முழுக்கால் சட்டை, வெளியே தெரியும் தோலில் விரட்டிக் களிம்பு. பாப்பாவை விளக்கு வைத்ததுமே வலைக்குள் போடுங்கள்.

மருந்து ஏறிய வலை என்றால் சிறு கிழிசலும் பெரிய பாதகமில்லை, தொட்ட கொசு சாகும். புதிதாகப் பிரித்ததும் ஒரு நாள் நிழலில் காற்றாட விட்டுப் பிறகு கட்டுங்கள். மெல்லிய சோப்பு, நிழலில் உலர்த்தல். ஏறக்குறைய இருபது துவைப்பு வரை தாங்கும். துவைத்த நீரை ஏரியிலோ குட்டையிலோ கொட்டாதீர்கள். அந்த மருந்து மீனுக்கு விஷம். மீன்தான் கொசுப்புழுவைத் தின்கிறது.

செங்குன்றம் வாசகர்: இது உ.பி., பீகார் நோய்தானே? நம்மூர்ல எங்க இருக்கு?

இந்தியாவில் இது முதலில் அடையாளம் காணப்பட்டதே 1955இல், வேலூரில்.

கொடுங்கையூர்ப் பக்கம் பன்றி வளர்ப்பவர்: எல்லாரும் எங்களையே கைகாட்டுறீங்க. எங்க பன்னிக்குக் காய்ச்சலே வந்ததில்ல. மாட்டைத்தான் அந்தக் கொசு அதிகம் கடிக்குதுன்னு நீங்களே முன்ன சொன்னீங்க. மாட்டுக்காரனை யாரும் கேக்கறதில்லையே?

பாதி சரி அண்ணே. கடியில் பெரும்பங்கு மாட்டுக்குத்தான். ஆனால் மாட்டின் ரத்தத்தில் கிருமி போதிய அளவு பெருகாது. மாட்டைக் கடித்த கடி வீணான கடி. பன்றிக்கு நோய் தெரியாது என்பதுதான் தொல்லையே: ஆரோக்கியமாக நின்றுகொண்டே கிருமியை ஊருக்கு வழங்கும். சினைப் பன்றி செத்த குட்டி போட்டால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

ஒரு முறை வந்த பன்றிக்கு எதிர்ப்பு வந்துவிடும். பிரச்சினை குட்டிகள். தாய்ப்பாலில் வந்த பாதுகாப்பு சில மாதத்தில் போகும். நடவு நேரத்தில் அந்த வயதுக் குட்டிகள் கொட்டகையில் நிறைய இருந்தால்தான் நெருப்புக்கு விறகு. இன்னொன்று, உங்கள் கொட்டகைக் கழிவுநீரிலேயே கெலிடஸ் என்ற கொசு வளரும், அதுவும் இந்தக் கிருமியைச் சுமக்கும். வயலே இல்லாத இடத்திலும் உங்கள் பள்ளம் வயல் வேலை பார்க்கும். கழிவு தேங்காமல் ஓட வழி செய்யுங்கள். குட்டி அடைக்கும் பகுதிக்கு மட்டுமாவது பொழுது சாயும் முன் மருந்து வலைத்திரை இறக்குங்கள்.

பொன்னேரி ஓய்வுபெற்ற ஆசிரியர்: அப்படியானால் வீட்டு வாசலில் மாடு கட்டினால் கொசு மாட்டோடு போய்விடும், பிள்ளைகள் தப்பிக்கும். எங்கள் முன்னோர் தெரிந்துதான் செய்தார்கள்.

வாத்தியாரே, மாடு எங்கே நிற்கிறது என்பதில்தான் விஷயம். வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே, வீட்டைவிட்டுத் தள்ளி நின்றால் கொசுவை இழுத்து நிறுத்தும். வாசலில் நின்றால் மாட்டுக்கு வந்த கொசு திண்ணையில் படுத்தவரையும் ஒரு கை பார்க்கும்.

ஆசிரியர்: மாடு ரத்தம் கொடுப்பதால் கொசு மொத்தமே பெருகாதா? அப்போது தள்ளிக் கட்டியும் என்ன லாபம்?

நல்ல அடி. இதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. மாடு அதிகமானால் கொசு அதிகம், கிருமி கொண்ட கொசுவின் விகிதம் குறைவு. இரண்டில் எது ஜெயிக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். பன்றி அதிகம், மாடு குறைவு என்ற ஊர்தான் எனக்குக் கவலை.

பன்றி வளர்ப்பவர்: அப்ப டிராக்டர் வந்து மாடு போனதுக்கும் பழி எங்க மேலயா?

பழியைப் பற்றி நான் பேசவில்லை. குட்டிக்கு வலை கட்டுங்கள்.

மாதவரம்: பன்றிக்கறி சாப்பிட்டா வருமா?

வராது. கொசுக்கடி வழியாகத்தான்.

மணலி: பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்தா நமக்கு ஒட்டுமா?

ஒட்டாது. மனிதன் ரத்தத்திலிருந்து கொசுவுக்கே போதுமான கிருமி ஏறாது.

எண்ணூர்: டெங்குக்குச் செய்யற மாதிரி தண்ணித் தொட்டியை மூடினா போதுமா?

அது ஏடிஸ், பகலில் கடிப்பது. வேறு கொசு, வேறு நோய். இதையே இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள், எல்லாருக்கும் இதே பதில்.

புழல்: கொசுப்புகை அடிக்கிற வண்டி வந்து அடிச்சா சரியாயிடுமா?

அந்த நேரம் பறக்கும் கொசு சாகும். வயலில் புழு அப்படியே இருக்கும், ஒரு வாரத்தில் அடுத்த கூட்டம். வலையைக் கழற்றிவிடாதீர்கள்.

சோழவரம் விவசாயி: வயலைக் காயப்போட்டா புழு செத்துடும்னு சொல்றாங்க. மகசூல் போகாதா?

காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் புழு சாகும், மகசூலும் பெரிதாகப் போகாது. தண்ணீர் வடிந்து மயிரிழை வெடிப்பு கண்டதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் நேரத்தில் மட்டும் காயவிடாதீர்கள். தோற்பது எங்கே என்றால், சமன் செய்யாத வயலில். கால்தடத்திலும் பள்ளத்திலும் நிற்கிற நீரில் எல்லாப் புழுவும் ஒதுங்கிப் பிழைக்கும். வெள்ளைக் கிண்ணத்தால் பத்து இடத்தில் முகந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

நவரையிலும் சொர்ணவாரியிலும் இது நடக்கும். சம்பாவில் ஐப்பசி மழை கொட்டும்போது களிமண் நிலத்தை யார் காயவைப்பது? அப்போது ஊசியும் வலையும்தான். இன்னொன்று, யூரியாவை ஒரேயடியாகக் கொட்டினால் அடுத்த நாட்களில் புழு கூடும். வேப்பம்பிண்ணாக்கு கலந்து, பிரித்துப் போடுங்கள்.

மீஞ்சூர் அம்மாவின் நாத்தனார்: காய்ச்சல் வந்தா எப்ப பயப்படணும்? ரெண்டு நாள் பார்க்கலாமா?

கிருமி ஏறியவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட மூளைக்காய்ச்சல் வராது. வந்தால் கொடியது: பத்தில் மூவர் வரை இறக்கலாம், பிழைத்தவர்களிலும் பலருக்கு வலிப்போ கை கால் குறையோ தங்கிவிடும். அதனால் அறிகுறியைப் பாருங்கள். கடும் காய்ச்சலோடு விடாத வாந்தி, பிள்ளை கூப்பிட்டால் சரியாகத் திரும்பாதது, பிதற்றல், வலிப்பு. இதில் ஒன்று தெரிந்தாலும் நாள் பார்க்காமல் அவசரப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்கு. வலிப்பின்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் ஊட்டாதீர்கள்.

முதுகுத் தண்டு நீரெடுத்துச் சோதிப்பார்கள், பயந்து தடுக்காதீர்கள். முதல் ஓரிரு நாளில் எடுத்த நீரில் நோய் இல்லை என்று வந்தாலும் முடிவல்ல, சில நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ரத்தச் சோதனை மட்டும் செய்தால் டெங்குவோடு குழம்பும். கிருமியைக் கொல்லும் தனி மருந்து கிடையாது. வலிப்பையும் மூளை வீக்கத்தையும் அடக்கி உயிரைப் பிடித்து நிறுத்துவதுதான் சிகிச்சை.

திருவொற்றியூர்: நிலவேம்பு குடிச்சா போதாதா?

இதற்கு உதவும் என்று சொல்ல ஆதாரமில்லை.

பொன்னேரி ஆசிரியர்: மாடு விஷயம் இன்னும் முடியவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

எழுதுங்கள் வாத்தியாரே. எழுதும்போது உங்கள் ஊரில் மாடு எத்தனை, பன்றி எத்தனை, இரவில் எது எங்கே கட்டப்படுகிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். கணக்கு இல்லாமல் இனி பதில் இல்லை.