ராத்திரி லாக் புக்குல என்ன எழுதணும்? – வாசகர் கடிதமும் பதிலும்

ஐயா வணக்கம்,

எங்க ஊர் வானியல் கிளப்ல ரெண்டு மாசமா வாலண்டியரா இருக்கேன். எட்டு இன்ச் டெலஸ்கோப், ஒரு கேமரா, ஒரு லேப்டாப் இருக்கு. லாக் புக் எழுதுற வேலையை எங்கிட்ட குடுத்திருக்காங்க. பழைய பக்கங்களைப் புரட்டினா "வானம் நல்லா இருந்தது, அல்கால் பார்த்தோம், 3.2" இப்படித்தான் இருக்கு. லேப்டாப்லயே டைம் எல்லாம் பதிவாகுதே, கையால வேற ஏன் எழுதணும்னு கூட இருக்கிறவங்க கேக்குறாங்க. மேகம் மூடி ஒண்ணும் பார்க்காத ராத்திரிக்கும் எழுதணுமா? நீங்க காவலூர் வானியல் ஆய்வுக்கூடத்துல வேலை பார்த்தவர்னு உங்க தளத்துல படிச்சேன், அதான் கேக்குறேன்.

– ஒரு வாசகி

வணக்கம்மா,

முதல்ல தேதியைப் பத்தி சொல்லிடுறேன், ஏன்னா பழைய லாக்ல நான் பார்த்த குழப்பத்துல பாதிக்கு மேல அங்கதான் ஆரம்பிக்கும். நம்ம ராத்திரி ஒரு தேதியில ஆரம்பிச்சு அடுத்த தேதியில முடியுது, அதனால பக்கத்துக்கு மேல "ஜனவரி 14-15"ன்னு ரெண்டு தேதியும் போடுங்க. நேரத்தை யூடி-ல, அதாவது உலகப் பொது நேரத்துல எழுதுங்க, நம்ம கடிகார நேரத்துல அஞ்சரை மணி நேரத்தைக் குறைச்சா அது வரும். ராத்திரி 9 மணின்னா 15:30. விடிகாலை அஞ்சரைக்குத்தான் யூடி-ல தேதி மாறும், அதுவரைக்கும் ராத்திரி முழுக்க ஒரே தேதிதான், நடு ராத்திரியில தேதி மாத்துற தொல்லை கிடையாது. பிரகாசம் மாறுற நட்சத்திரங்களைப் பார்க்குறவங்க பயன்படுத்துற ஜூலியன் நாள்ங்கிற தொடர் நாள் எண்ணிக்கை யூடி பகல் 12-க்கு மாறும், அது நமக்கு சாயங்காலம் அஞ்சரை, அதனால நம்ம ராத்திரி மொத்தமும் ஒரே நம்பருக்குள்ள அடங்கிடும். யூடி தேதியில நமக்கு இருக்கிற வசதி ஐரோப்பாக்காரங்களுக்குக் கிடையாது, அவங்களுக்கு அது ராத்திரி நடுவுலயே மாறிடும்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு காவலூர் கதையே சொல்லும். யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகுதுன்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தாங்க, பல இடத்துல இருந்து பார்த்தாங்க, காவலூர்ல 1 மீட்டர் டெலஸ்கோப்புல பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பார்த்தாங்க. எல்லாப் புத்தகத்துலயும் தேதி 1977 மார்ச் 10-ன்னு இருக்கும். ஆனா நம்ம காலண்டர்படி அது 11-ந்தேதி, நடு ராத்திரி தாண்டின பிறகு நடந்தது. "ராத்திரி ரெண்டு மணி, 10-ந்தேதி"ன்னு ஒருத்தர் மொட்டையா எழுதி வெச்சிருந்தா அது எந்த ராத்திரின்னு பின்னாடி யாருக்கும் தெரியாது. அன்னிக்கு நட்சத்திரத்தோட ஒளி, கிரகம் கிட்ட வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கொஞ்ச நேரம் மங்கித் திரும்ப வந்துது. காவலூர்ல அதை முதல்ல ஒரு புது துணைக்கோள்னு நினைச்சாங்க. ஜேம்ஸ் எலியட் குழு டெலஸ்கோப் வெச்ச கைப்பர் விமானத்துல பறந்து பதிவு பண்ணது, மத்த இடத்துப் பதிவுகள் எல்லாத்தோட நேரத்தையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தப்பதான் அது வளையம்னு புரிஞ்சுது. மங்கல் எதனாலன்னு அன்னிக்கு யாருக்கும் தெரியலை, ஆனா எத்தனை மணிக்குன்னு சரியா பதிவாகியிருந்துது, அது போதுமா இருந்துது.

இதுல இருந்துதான் நான் உங்களுக்கு முக்கியமா சொல்ல வர்றது. ராத்திரி கண்ணுல பட்டதை மட்டும் எழுதுங்க, அதோட அர்த்தத்தையும் கணக்கையும் காலையில போட்டுக்கலாம். உங்க பழைய பக்கத்துல இருக்கிற அந்த "3.2" இருக்கு பாருங்க, அது அல்காலோட பிரகாச அளவு, நம்பர் கூடக் கூட மங்கல்னு அர்த்தம். ஆனா அது கண்ணுல பட்டது கிடையாது, மனசுல கணக்குப் போட்டு வந்த விடை. எந்த நட்சத்திரத்தோட ஒப்பிட்டு வந்துதுன்னு எழுதலைன்னா அதை யாராலயும் சரிபார்க்க முடியாது.

நீங்களே அல்கால் சொன்னீங்களே, அதையே எடுத்துப்போம். அது பெர்சியஸ் நட்சத்திரக் கூட்டத்துல இருக்கிற நட்சத்திரம், ரெண்டு நாள் 20 மணி 49 நிமிஷத்துக்கு ஒரு தடவை மங்கும், 2.1-ல இருந்து 3.4 வரைக்கும் இறங்கித் திரும்ப ஏறும், இறங்கி ஏற கிட்டத்தட்ட பத்து மணி நேரம். வெறும் கண்ணாலயே பார்க்கலாம், ஜனவரி ராத்திரி நம்ம ஊர்ல இருந்து வடக்குல நல்ல உயரத்துல இருக்கும். பக்கத்துல டெல்டா பெர்சி இருக்கு, 3.0, கப்பா பெர்சி இருக்கு, 3.8. அல்கால் டெல்டாவை விடக் கொஞ்சம் மங்கல், கப்பாவை விட நல்ல பிரகாசம்னு வெச்சுக்குங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை நாலு பங்கா நினைச்சா, டெல்டாவுல இருந்து ஒரு பங்கு கீழ, கப்பாவுல இருந்து மூணு பங்கு மேல. லாக்ல இப்படி எழுதுங்க:

15:30 – டெல்டா (1) அல்கால் (3) கப்பா. வானம் தெளிவு.

அவ்வளவுதான். வித்தியாசம் 0.8, அதுல கால் பங்கு 0.2, ஆக 3.2-ங்கிறதை மறுநாள் காலையில போட்டுக்குங்க. இப்படிச் செய்யறதுல ரெண்டு லாபம். ஒண்ணு, ஒப்பீட்டு நட்சத்திரத்தோட அளவை நாளைக்கு யாராவது திருத்தினா, உங்க ஒண்ணையும் மூணையும் வெச்சு விடையைத் திரும்பப் போட்டுக்கலாம், வெறும் 3.2 இருந்தா அது அங்கயே செத்துடும். இன்னொண்ணு, ராத்திரியே விடையைப் போட்டுட்டா அடுத்த தடவை பார்க்கும்போது கண்ணு அதைத்தான் தேடும். இப்ப 3.2, இன்னும் மங்கணுமே, 3.3 வரணுமேன்னு மனசு சொல்லும், கண்ணும் அதுக்குத் தோதா பார்த்துடும். இது அனுபவசாலிக்கும் நடக்கும், அதனால முந்தின வரியை ஒரு அட்டையால மூடிட்டு அடுத்ததை எழுதுறதுதான் என் வழக்கம். எத்தனை மணிக்கு ரொம்ப மங்கலா இருக்கும்னு ஆப்ல வர்ற நேரத்தையும் முன்கூட்டியே பார்க்காதீங்க, அன்னிக்கு மங்கல் உண்டுங்கிறது மட்டும் தெரிஞ்சா போதும்.

இப்ப அதே ராத்திரியில அடுத்த ரெண்டு வரி இப்படி இருக்குன்னு வெச்சுக்குங்க:

15:50 – மேற்குல மெல்லிய மேகம், அடிவானத்துல இருந்து பாதி உயரம் வரை. அல்கால் பக்கம் இன்னும் வரலை.

16:10 – டெல்டா (3) அல்கால் (1) கப்பா. மேகத்தோட ஓரம் அல்கால் கிட்ட, டெல்டா பக்கம் தெளிவு.

காலையில கணக்குப் போட்டா 16:10-க்கு 3.6 வரும். அல்கால் அவ்வளவு மங்கவே மங்காது, 3.4-தான் கடைசி. நாப்பது நிமிஷத்துல அத்தனை இறங்கவும் இறங்காது. மேகத்தைப் பத்தின வரி இல்லைன்னா நீங்க ரெண்டுல ஒண்ணு செய்வீங்க, ஏதோ புதுசா கண்டுபிடிச்சுட்டோம்னு நினைப்பீங்க, இல்ல இது தப்புன்னு அடிச்சு வேற நம்பர் போடுவீங்க. மேகம் எந்தப் பக்கம் இருந்து வந்துது, எந்த நட்சத்திரம் மேல இருந்துதுன்னு எழுதியிருக்கிறதால என்ன நடந்துதுன்னு படிக்கிறவங்களுக்குத் தெளிவா தெரியுது. அந்த வரி அப்படியே இருக்கட்டும், பக்கத்துல "மேகம், கணக்குல சேர்க்க வேண்டாம்"னு காலையில எழுதி கையெழுத்துப் போடுங்க.

"வானம் நல்லா இருந்தது"ங்கிறது யாருக்கும் உதவாத வரின்னு இப்ப புரிஞ்சிருக்கும். யாருக்கு நல்லா இருந்துது, எதுக்கு நல்லா இருந்துது? கிரகம் பார்க்கிறவனுக்கு நட்சத்திரம் நடுங்காம நின்னா நல்ல வானம், மெல்லிசா பனிமூட்டம் இருந்தாக்கூட அவனுக்குக் கவலை இல்ல. ஒளியை அளக்குறவனுக்கு நடுக்கம் பரவாயில்ல, மூட்டம் இருந்தா வேலையே போச்சு. அதனால தீர்ப்பு எழுதாதீங்க, பார்த்ததை எழுதுங்க. நிலாவைச் சுத்தி வளையம் இருந்துதா, பெர்சியஸ்ல எந்த நட்சத்திரம் வரைக்கும் வெறும் கண்ணுக்குத் தெரிஞ்சுது, நட்சத்திரம் டெலஸ்கோப்புல புள்ளியா நின்னுதா பொங்கிச்சா. அதோட வெப்பநிலையும் ஈரப்பதமும், ஒரு மணிக்கு ஒரு தடவை. உதாரணத்துக்கு 20 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம்னா, பதினேழு டிகிரி சொச்சத்துக்குக் குளிர்ந்த எந்தப் பொருள் மேலயும் பனித்துளி படியும். திறந்த வானத்தைப் பார்த்துட்டிருக்கிற கண்ணாடி காத்தை விட அதிகமா குளிரும், அதனால ஈரப்பதம் நூறை எட்டுற வரைக்கும் பனி காத்திருக்காது. எல்லா நட்சத்திரமும் சேர்ந்து மெதுவா மங்கி, ஒவ்வொண்ணைச் சுத்தியும் ஒரு மங்கல் வட்டம் தெரிஞ்சா, வானத்தைப் பார்க்குறதுக்கு முன்னாடி கண்ணாடியைப் பாருங்க. டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சா தெரிஞ்சுடும். துடைக்காதீங்க, மூடிட்டு எத்தனை மணிக்கு மூடினீங்கன்னு எழுதுங்க.

லேப்டாப்ல எல்லாம் பதிவாகுதேன்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லுங்க. ஒவ்வொரு படத்தோட தலைப்புலயும் விழுற நேரம் லேப்டாப் கடிகாரம் சொல்ற நேரம். அந்தக் கடிகாரம் ஒரு நிமிஷம் தள்ளி ஓடினா எல்லாப் படமும் ஒரு நிமிஷம் தள்ளித்தான் இருக்கும், படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் போன்ல வர்ற நேரத்தோட ஒப்பிட்டு எத்தனை செகண்ட் வித்தியாசம்னு எழுதுங்க. ஃபில்டர் பேரும் அப்படித்தான், சாஃப்ட்வேர்ல நீங்க தேர்ந்தெடுத்த பேருதான் படத்துல விழும், உள்ள உண்மையிலேயே எந்தக் கண்ணாடி இருக்குன்னு அதுக்குத் தெரியாது. யாரோ கேமராவைத் தட்டிட்டாங்க, தெருவிளக்கு பதினொரு மணிக்கு அணைஞ்சுது, இதெல்லாம் எந்தத் தலைப்புலயும் வராது.

மேகம் மூடின ராத்திரிக்குக் கட்டாயம் எழுதணும்மா. "முழு மேகம், 13:30-ல இருந்து 17:00 வரை காத்திருந்தோம், திறக்கலை"ன்னு ஒரு வரி போதும். எழுதாம விட்டா, பின்னாடி படிக்கிறவருக்கு அன்னிக்கு யாரும் வரலையா, வந்து பார்த்து ஒண்ணும் தெரியலையான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. அதே மாதிரி ஒரு நட்சத்திரத்தைத் தேடி அது கிடைக்கலைன்னாலும் எழுதுங்க, ஆனா "காணோம்"னு மட்டும் எழுதாதீங்க. அதே இடத்துல எந்த நட்சத்திரம் வரைக்கும் தெரிஞ்சுதுன்னு எழுதுங்க. அதுல மங்கலானது 9.8-ன்னா, நீங்க தேடினது அன்னிக்கு 9.8-ஐ விட மங்கல்னு அர்த்தம், அது ஒரு முழு அளவீடு. திடீர்னு வெடிக்கிற நட்சத்திரத்துக்கு அது எப்ப ஏற ஆரம்பிச்சுதுன்னு கண்டுபிடிக்க இந்த மாதிரி வரிகள்தான் கைகொடுக்கும்.

நோட்டு தைச்சதா, பக்க நம்பர் போட்டதா இருக்கட்டும், ஸ்பைரல் வேண்டாம், அதுல தாளைக் கிழிச்சா தடயமே தெரியாது. பென்சில்ல எழுதுங்க, பனியில இங்க் பரவும். ஆனா ரப்பர் கூடாது. தப்பா எழுதிட்டா கீழ இருக்கிறது படிக்கிற மாதிரி ஒரே கோடு போட்டு, பக்கத்துல சரியானதை எழுதி, எப்ப திருத்தினீங்கன்னு நேரம் போடுங்க, ஏன்னா சில நேரம் முதல்ல எழுதினதுதான் சரியா இருக்கும். சிவப்பு விளக்கை மங்கலா வெச்சுக்குங்க, போன் வெளிச்சம் ஒரு தடவை கண்ணுல பட்டா திரும்ப மங்கல் நட்சத்திரம் தெரிய இருபது நிமிஷத்துக்கு மேல ஆகும்.

பழைய பக்கங்களைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அதை எழுதினவங்க கிளப்ல இன்னும் இருந்தா அந்த 3.2-க்கு எதோட ஒப்பிட்டாங்கன்னு கேட்டுப் பாருங்க, ஞாபகம் இருந்தா இன்னிக்குத் தேதி போட்டு ஓரத்துல எழுதி வையுங்க.