கையும் களவுமாகப் பிடித்த பிறகும் அனுமதி எதற்கு?

"எங்கள் ஊர் வி.ஏ.ஓ. பட்டா மாறுதலுக்கு லஞ்சம் வாங்கும்போது கையும் களவுமாகப் பிடிபட்டார். ஒரு வருஷமாகப் போகிறது, கோர்ட்டில் கேஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. கேட்டால் 'சாங்ஷன் வரவில்லை' என்கிறார்கள். திருடனைப் பிடித்த பிறகு யாரிடம் சார் அனுமதி?"

லஞ்ச வழக்குகளில் எதிரித் தரப்புக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, ஆஜராகிற வக்கீல் நான். அதனால் என் பேச்சில் கொஞ்சம் சாய்வு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்த அனுமதி எந்த இடத்தில் குறுக்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம். புகார் வாங்க, எஃப்.ஐ.ஆர். போட, பொறி வைத்துப் பிடிக்க, கைது செய்ய எதற்கும் இது தேவையில்லை. பினாப்தலின் பவுடர் தடவிய நோட்டை வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கி, அது இளஞ்சிவப்பாக மாறியதை மகஜரில் எழுதி முடிக்கும்வரை லஞ்ச ஒழிப்புப் போலீசார் யார் கையெழுத்துக்கும் காத்திருப்பதில்லை. புலன் விசாரணை தொடங்கவே முன்அனுமதி கேட்கும் 17ஏ என்ற பிரிவு 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆனால் லஞ்சம் வாங்கும் இடத்திலேயே கைது செய்தால் அதுவும் பொருந்தாது. உங்கள் வி.ஏ.ஓ.வின் வழக்கை நிறுத்தி வைத்திருப்பது அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவு. அனுமதி ஆணை இல்லாமல் நீதிமன்றம் அந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது அது. போலீஸ் எல்லாம் செய்யலாம், கோர்ட்டின் கதவு மட்டும் திறக்காது.

யார் கொடுக்க வேண்டும்? அந்த ஊழியரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரம் உள்ளவர். வி.ஏ.ஓ. என்றால் பெரும்பாலும் ஆர்.டி.ஓ. இதன் வேர் அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவில் இருக்கிறது: ஒருவரை நியமித்தவருக்குக் கீழான அதிகாரி அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. கிரிமினல் வழக்கில் தண்டனை வந்தால் வேலை போவது ஏறக்குறைய நிச்சயம். அப்படிப்பட்ட வழக்கைத் தொடங்கும் முடிவும் நீக்கக்கூடியவர் கையில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கணக்கு. அந்த வேலையில் எது வழக்கம், எது அதிகார மீறல், புகார் கொடுத்தவருக்குப் பட்டா மறுக்கப்பட்டதில் பழைய கோபம் ஏதாவது உண்டா என்பதெல்லாம் போலீசைவிட அவருக்கு நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கையும் இதில் உண்டு. தினமும் நாலு பேருக்கு 'முடியாது' என்று சொல்லியாக வேண்டிய ஊழியர் மேல் அந்த நாலு பேரும் கேஸ் போட முடிந்தால், அப்புறம் எவரும் எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பொறியில் பிடிபட்டவர் விஷயத்தில் மேலதிகாரி தனியாக ஆராய அப்படி என்ன மிச்சம் இருக்கிறது? நடைமுறையிலும் பெரும்பாலும் ஆராய்வதில்லை. எஃப்.ஐ.ஆர்., மகஜர், சாட்சிகளின் வாக்குமூலங்கள், ரசாயனப் பரிசோதனை அறிக்கை எல்லாம் ஒரு கட்டாக ஆர்.டி.ஓ. மேஜைக்கு வரும். கூடவே ஒரு மாதிரி ஆணையும் வரும். வழக்கு இங்கேதான் பலவீனமாகிறது. சிறப்பு நீதிமன்றத்தில் அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சியாகப் பெரும்பாலும் கூண்டில் ஏறுவது இந்த அனுமதி கொடுத்த அதிகாரிதான். என்னைப் போன்றவர்கள் கேட்கும் கேள்விகள் வருஷக்கணக்காக மாறவில்லை. இந்த ஆணையைத் தட்டச்சு செய்தது யார்? ரசாயன அறிக்கையைப் படித்தீர்களா? அந்தத் தேதியில் எதிரியின் மேஜையில் பட்டா மனு நிலுவையில் இருந்ததா என்று கோப்பை வரவழைத்துப் பார்த்தீர்களா? போலீசின் மாதிரியில் இருந்த எழுத்துப்பிழைகூட ஆணையில் அப்படியே வந்திருந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். மனதைச் செலுத்தாமல் இயந்திரம்போலக் கையெழுத்துப் போட்டார் என்று வாதாட அது ஒன்று போதும். மாதிரி ஆணை வந்தது என்பதற்காக மட்டும் நீதிமன்றம் வழக்கைத் தூக்கி எறிந்துவிடாது. ஆவணங்களைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார் என்று தெரிந்தால் ஆணை நிற்கும்.

கையெழுத்துப் போட்டவருக்கே அதிகாரம் இல்லை என்றால் நிலைமை வேறு. நஞ்சப்பா எதிர் கர்நாடக மாநிலம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் வந்த தீர்ப்பைப் பாருங்கள். கிராமப் பஞ்சாயத்தின் பில் கலெக்டர், லஞ்சம் 500 ரூபாய். அனுமதி கொடுத்தவருக்கு அந்த ஊழியரை நீக்கும் அதிகாரம் கிடையாது. விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்தது, உயர் நீதிமன்றம் தண்டித்தது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. செல்லுபடியாகும் அனுமதி இல்லாமல் நடந்த விசாரணை சட்டத்தின் கண்ணில் விசாரணையே அல்ல, சரியான அனுமதி வாங்கிக்கொண்டு மறுபடி வழக்குத் தொடரலாம் என்பதுதான் பொது விதி. ஆனால் சம்பவம் நடந்து 17 வருஷம் ஆகியிருந்ததால், இந்த வழக்கில் மறுபடி தொடங்க வேண்டாம் என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. லஞ்சம் வாங்கினாரா இல்லையா என்ற கேள்வி அப்படியே தொங்கிப்போனது. உங்கள் வி.ஏ.ஓ. பிடிபட்ட பிறகு வேறு கோட்டத்துக்கு மாறியிருந்தால் இதே சிக்கல் வரும் என்று பயப்பட வேண்டாம். யாருக்கு அதிகாரம் என்று சந்தேகம் எழுந்தால், சம்பவம் நடந்த நாளில் அவரை நீக்கக்கூடியவராக இருந்தவரே அனுமதி தர வேண்டும் என்று 19-ஆவது பிரிவே சொல்கிறது.

சரி, தாமதத்துக்கு வருகிறேன். 2018 திருத்தத்துக்குப் பிறகு கெடு மூன்று மாதம். சட்ட ஆலோசனை தேவைப்பட்டால் காரணத்தை எழுதி வைத்து இன்னும் ஒரு மாதம். நாலு மாதத்துக்குமேல் கோப்பு தூங்கினால் அனுமதி தானாகக் கிடைத்ததாக ஆகிவிடுமா? ஆகாது. பணியைச் செய்யும்போது நடந்த மற்றக் குற்றங்களுக்கு அனுமதி கேட்கும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 218-ஆவது பிரிவில் 120 நாளில் முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கருதப்படும் என்று எழுதிவிட்டார்கள். லஞ்ச வழக்குக்கு அந்த வசதி இல்லை, ஏன் இல்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கெடு தாண்டியதால் எதிரி தப்பித்துவிடுவாரா என்றால் அதுவும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன விஜய் ராஜ்மோகன் வழக்கில் அனுமதி வர ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது. நாலு மாதக் கெடு கட்டாயம், தாமதித்த அதிகாரி பதில் சொல்ல வேண்டும், ஆனால் தாமதத்தையே காரணமாகக் காட்டி வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதே தீர்ப்பில் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கெடு தாண்டியதும் புகார்தாரர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அனுமதி கேட்கும் முன்மொழிவு ஆர்.டி.ஓ.வுக்கு எந்தத் தேதியில் போனது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், நாலு மாதம் அங்கிருந்துதான் எண்ண வேண்டும். பல சமயம் தாமதம் ஆர்.டி.ஓ.விடம் இருக்காது, லஞ்ச ஒழிப்புத் துறையே ரசாயன அறிக்கைக்கோ இறுதி அறிக்கைக்கோ காத்திருக்கும். அப்படியானால் ரிட் போட்டுப் பயனில்லை.

மனுவில் என்ன கேட்கிறீர்கள் என்பதிலும் கவனமாக இருங்கள். குஜராத்தின் மன்சுக்லால் சவுகான் வழக்கில் உயர் நீதிமன்றம் ஒரு மாதத்துக்குள் அனுமதி கொடுக்கும்படி செயலருக்கு உத்தரவிட்டது, அவரும் கொடுத்தார். எதிரிக்குத் தண்டனையும் கிடைத்தது. மறுக்கும் உரிமையே இல்லாமல் கொடுத்த அனுமதி அனுமதியாகாது என்று சொல்லி 1997-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஆகவே "அனுமதி வழங்க உத்தரவிட வேண்டும்" என்று உங்கள் வக்கீல் எழுதிக் கொண்டுவந்தால் அடித்துவிட்டு, "குறித்த காலத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிட வேண்டும்" என்று மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் நாலைந்து வருஷம் கழித்து என்னைப் போல ஒருவர் அந்த உத்தரவின் நகலோடு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருப்பார்.